விளம்பரம் போடாத ஆடிட்டருக்கு வேலை எங்கிருந்து வருகிறது?

தனி ஆளாகத் தொழில் நடத்தும் கன்சல்டன்ட்டுகளுக்குச் சென்னையில் இப்போது அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தி.நகரில் ஏதாவது ஓட்டல் மாடியில் சனிக்கிழமை காலை பயிலரங்கம் நடக்கும். காபி, வடை, கழுத்தில் அட்டை, மேடையில் கோட் போட்ட ஒருவர். அவர் சொல்வதன் சாரம் எங்கே போனாலும் ஒன்றுதான்: தெரிந்தவர் சொல்லி வருகிற வேலையை நம்பி உட்காராதீர்கள், அது மழை மாதிரி, பெய்தால் பெய்யும், இல்லாவிட்டால் இல்லை. நிலையான வருமானம் வேண்டுமென்றால் லீட் வேண்டும், லீட் வேண்டுமென்றால் விளம்பரம் வேண்டும், தினம் ஒரு பதிவு வேண்டும், வாரம் ஒரு வீடியோ வேண்டும். கேட்டுவிட்டு இறங்கும் இளைஞர்கள் அந்த வாரமே பட்டியல் தளம் ஒன்றில் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்கிறார்கள்.

இந்த வாதத்தின் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் பழைய வாடிக்கையாளர் வழியாக வருவது அதிர்ஷ்டம்தான். ஆனால் அங்கிருந்து இவர்கள் தாவும் முடிவு பிழையானது. யாரும் ஒழுங்காக உழைத்துப் பார்க்காத ஒரு வழியை, உழைத்தாலும் பலன் தராத வழி என்று தள்ளிவிடுகிறார்கள். விளம்பரத்துக்கு மாதம் பதினைந்தாயிரம் செலவிட்டு ஆறு மாதம் பொறுத்துப் பார் என்கிறவர்கள், பழைய வாடிக்கையாளரிடம் ஒரு தடவை "யாராவது இருந்தா சொல்லுங்க சார்" என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்றதும் வழியையே குறை சொல்கிறார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே பல பத்தாண்டுகள் நீண்ட ஒரு சாட்சி இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, எவையெல்லாம் தொழில் ஒழுக்கக்கேடு என்று வரிசைப்படுத்துகிறது. சுற்றறிக்கை, விளம்பரம், நேர்ப்பேச்சு என்று எந்த வழியிலும் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்கிறது அதன் முதல் பகுதியின் 6ஆவது கூறு. தன் தொழில் திறமையை விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது 7ஆவது. இணையதளம் போன்றவற்றுக்குப் பின்னாளில் சில தளர்வுகள் வந்தன. ஆனால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மாடிப்படி ஏறிப் போகவேண்டிய சின்ன அறைகளில் ஒற்றை ஆளாகத் தொடங்கி, இரண்டு மூன்று ஆர்ட்டிகிள் பையன்களோடு முப்பது நாற்பது வருடம் தொழில் நடத்திய ஆடிட்டர்கள், இந்தத் தடைக்குள்ளேயேதான் வாழ்ந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை, அவ்வளவுதான். வக்கீல்களுக்கும் இதே கதை. பார் கவுன்சில் விதிகளின் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. பட்டியல் தளங்களில் தங்களை விற்கும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

விளம்பரம் இல்லாமல் நிலையான வேலை வராது என்பது உண்மையென்றால், இந்த இரண்டு தொழில்களும் ஒரு தலைமுறையைத் தாண்டியிருக்கக் கூடாது.

"அவர்களுக்குச் சட்டமே வேலை கொடுக்கிறது, தணிக்கை கட்டாயம்" என்று பதில் வரும். தணிக்கை கட்டாயம்தான். ஆனால் யாரிடம் தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. உஸ்மான் ரோட்டில் ஒரு கடைக்காரருக்கு ஆடிட்டர் தேவை என்பதைச் சட்டம் தீர்மானித்தது, அந்த ஆடிட்டர் இன்னார் என்பதை அவருடைய மாமாவோ, வங்கி மேலாளரோ, பக்கத்துக் கடைக்காரரோ தீர்மானித்தார்கள். நான் பேச வந்ததும் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். பயிலரங்கப் பேச்சாளர் இதைத் தொடுவதே இல்லை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த தொழில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கன்சல்டன்ட்டுடையது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு மாதக் கட்டணத்தில் 30 நிறுவனங்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஐந்து கழன்றுவிடும். ஒரு கடை மூடும், ஒரு நிறுவனம் சொந்தமாக எச்.ஆர். வைத்துக்கொள்ளும், ஒருவர் மருமகனிடம் வேலையைக் கொடுத்துவிடுவார். அந்த ஐந்தையும் ஈடுகட்டி மூன்று கூடவும் வேண்டுமென்றால் அவருக்கு வருடத்துக்குத் தேவை எட்டுப் பேர். எட்டே பேர்! அதற்கு மேல் வந்தால் அவரால் 15ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் சலான் போட முடியாது.

நம்பிக்கையானவர் சொல்லி வருகிற மூன்று பேரில் இரண்டு பேர் தங்குவார்கள் என்று வைத்தால், வருடத்துக்குப் பன்னிரண்டு அறிமுகம், மாதம் ஒன்று, போதும். விளம்பர வழியில் இருபத்தைந்து விசாரிப்புக்கு ஒருவர் தங்குவார் என்று தாராளமாகவே வைத்தாலும் எட்டுப் பேருக்கு இருநூறு தொலைபேசி அழைப்பு. அழைப்புக்கு அரை மணி நேரம், பேசியதற்கு ஒரு விலைப்புள்ளி, அனுப்பியதற்கு மூன்று நினைவூட்டல். இதையெல்லாம் செய்யப் போகிறவரும் அதே ஆள்தான். இந்த எண்கள் என் ஊகம், உங்கள் தொழிலின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு விற்கிற நிறுவனத்துக்குப் பொருந்துகிற கணக்கை, எட்டுப் பேர் போதும் என்கிற ஆளின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது மாறாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு பதினோரு மணிக்கு இணையத்தில் பி.எஃப். கன்சல்டன்ட்டைத் தேடுகிறவர் யார்? அவர்களில் நல்லவர்களும் உண்டு, புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள். மற்றவர்களில் கணிசமானவர்கள், முந்தைய கன்சல்டன்ட் ஃபீஸ் வராமல் கைவிட்டவர்கள், அல்லது ஆறு மாதம் பணம் கட்டாமல் விட்டு நோட்டீஸ் வந்த பிறகு விழித்துக்கொண்டவர்கள். கேட்டு விசாரிக்க ஒரு ஆடிட்டர்கூட இல்லாதவர் என்பதே அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. போதாததற்கு, அவருடைய விசாரிப்பை அந்தத் தளம் இன்னும் நாலு பேருக்கும் விற்றிருக்கும். நீங்கள் பேசத் தொடங்கும்போதே அவர் கையில் உங்களைவிடக் குறைந்த விலை ஒன்று இருக்கும்.

சரி, மாதம் ஒரு அறிமுகம் எப்படி வரும்? அதற்கு, வாடிக்கையாளரின் சிக்கலை அவருக்கே தெரிவதற்கு முன்னால் பார்க்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். உயர் நீதிமன்ற வக்கீல்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த விஷயம். சேலத்தில் வழக்குத் தோற்றவர் மயிலாப்பூர் வக்கீலைத் தேடி நேராக வருவதில்லை, சேலத்து வக்கீல்தான் அப்பீல் கட்டை இன்னாரிடம் கொண்டுபோ என்று அனுப்புகிறார். தோற்றது முதலில் தெரிந்தவர் அவர்.

பி.எஃப். கன்சல்டன்ட்டுக்கு அந்த இடத்தில் நிற்பவர் ஆடிட்டர். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்த விவரத்தில்தான் இருக்கிறது.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முன்பு ஐந்து நாள் சலுகை இருந்தது, 2016 பிப்ரவரியிலிருந்து அது கிடையாது. பழைய கணக்குப்பிள்ளைகள் சிலர் மனதில் இன்னும் 20ஆம் தேதிதான் இருக்கும். தாமதித்தால் வட்டியும் அபராதமும் உண்டு, ஆனால் இரண்டு நாளுக்கு அது சொற்பம், முதலாளி கண்டுகொள்ள மாட்டார். பெரிய அடி வேறு பக்கம் விழுந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவே முடியாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலாளியின் பங்கைத் தாமதமாகக் கட்டினாலும் ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் கட்டிவிட்டால் தப்பிக்கலாம். தொழிலாளியின் பங்குக்கு அந்த வழி அந்தத் தீர்ப்போடு அடைபட்டது.

தீர்ப்புக்குப் பின் வந்த ஒரு கணக்காண்டை, 2023–24ஐ, எடுத்துக்கொள்வோம். தி.நகரில் கூட்டாண்மையாக நடக்கும் ஒரு ஜவுளிக்கடை, நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். நாற்பது பேருக்கு மாதம் 72,000. தீபாவளி நெருக்கடியில் மூன்று மாதம் இந்தப் பணம் 17, 18ஆம் தேதிகளில் கட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,16,000 ரூபாய் செலவு ஏற்கப்படாது, வருமானத்தில் சேர்ந்துவிடும். கூட்டாண்மைக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. மிகைவரி இல்லாவிட்டாலே 67,392 ரூபாய். இரண்டு மூன்று நாள் தாமதத்துக்கு!

இந்த இழப்பை முதலில் பார்ப்பவர் ஆடிட்டர். வரித் தணிக்கை அறிக்கையில், 3சிடி படிவத்தில், ஒவ்வொரு மாதமும் தொழிலாளி பங்கு எப்போது கட்ட வேண்டியிருந்தது, எப்போது கட்டப்பட்டது என்று தேதி வாரியாக அவர் எழுத வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் அவருடைய ஆர்ட்டிகிள் பையன் கடைக் கணக்கரிடம் சலான் கேட்டுத் தொங்கிக்கொண்டிருப்பான். கணக்கர் தேடிக்கொண்டிருப்பார். கடைசியில் முதலாளியிடம் "இரண்டு லட்சம் செலவு போச்சு" என்ற கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டியவரும் ஆடிட்டர்தான். அந்த நிமிடத்தில் முதலாளி கேட்கும் கேள்வி, "இதை ஒழுங்கா பாத்துக்க யாராவது இருக்காங்களா சார்?" என்பது. அந்தக் கேள்விக்கு ஆடிட்டரின் வாயில் வரும் முதல் பெயராக இருப்பதுதான் நமது கன்சல்டன்ட்டின் முழு வேலை.

பெயர் எப்படி அங்கே போய் உட்காரும்? டைரியும் இனிப்புப் பெட்டியும் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் கெட்டிக்காரர் செய்வது வேறு. வாடிக்கையாளரின் ஒப்புதலோடு, ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதி, பொதுவான வாடிக்கையாளர்களுக்குச் சலான் கட்டிய தேதி, தொகை, சலானின் நகல் இவை அடங்கிய ஒரே தாளை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். ஆடிட்டர் பார்க்கக்கூட மாட்டார். ஆனால் செப்டம்பரில் அந்தப் படிவத்தை நிரப்பும் பையனுக்கு, அலுவலகத்தில் இருக்கும் அத்தனை கோப்புகளில் இந்த நாலு கோப்புக்கு மட்டும் அலைச்சலே இல்லை. பையன் வாய் சும்மா இருக்காது. நாலு வருடத்தில் அந்தப் பையனே ஆடிட்டராகி அடையாறில் தனியாகப் பலகை மாட்டும்போது, அவனுக்குத் தெரிந்த ஒரே பி.எஃப். கன்சல்டன்ட் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த வரி விதி எப்போதும் அப்படியே இருக்காது. மாறினால் ஆடிட்டருக்கு வேறொரு படிவத்தில் வேறொரு கட்டம் நிரம்பாமல் நிற்கும். அது எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி எத்தனை ஆடிட்டர் வேண்டும்? ஐந்து பேர் போதும் என்பேன். ஆளுக்கு வருடம் இரண்டு அனுப்பினால் பத்து, மீதி இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் பக்கமிருந்து வரும். ஐம்பது ஆடிட்டருக்குக் கார்டு கொடுத்து வைத்தவருக்கு இந்தப் பத்து வராது, ஐம்பது பேருக்கும் மாதாமாதம் அந்தத் தாள் போகாதே.

அடுத்து, பரவலாகவும் பச்சையாகவும் சொல்லப்படுவது: "கமிஷன் இல்லாம எவன் சார் அனுப்புவான்?" இதைச் சொல்கிறவர் உலகம் தெரிந்தவர் போலத் தெரிவார். ஆனால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை. மேலே சொன்ன அதே அட்டவணையின் 3ஆவது கூறு, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டுகளின் இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினரல்லாத ஒருவரின் தொழில் வருமானத்தில் ஆடிட்டர் பங்கு வாங்குவதையே ஒழுக்கக்கேடு என்கிறது. முதல் மாத ஃபீஸில் பாதி தருகிறேன் என்று நீங்கள் சொல்வது, ஐம்பது வயது ஆடிட்டரின் உறுப்பினர் பதிவை நாலாயிரம் ரூபாய்க்குப் பணயம் வைக்கச் சொல்வது. நல்லவர் முகம் சுளித்து உங்களை மறந்துவிடுவார். ஒப்புக்கொள்கிறவர் நாளைக்கு ஐயாயிரம் தருகிறவரிடம் போய்விடுவார். ஆக கமிஷன், நமக்கு வேண்டிய ஐந்து பேரை விரட்டிவிட்டு வேண்டாதவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. வங்கி லோன் ஏஜென்ட், வீட்டுத் தரகர் உலகத்தில் கமிஷன் நாகரிகமானதே, எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது. ஆலோசனைத் தொழிலில் வாடிக்கையாளருக்குத் தெரிந்த அன்றைக்கு, ஆடிட்டர் சொன்ன சொல்லும் உங்கள் ஃபீஸும் ஒன்றாகச் சந்தேகத்துக்குள்ளாகும்.

கமிஷனுக்குப் பதிலாகத் தரவேண்டியவை இருக்கின்றன. அனுப்பியவருக்கு அன்றே ஒரு வரி: பேசினேன், இன்னது நடந்தது. வேலையை எடுக்க முடியாவிட்டால் அதையும் சொல்வது, ஏனென்றால் "அனுப்பினேனே, என்னாச்சு?" என்று ஆடிட்டர் தன் வாடிக்கையாளரிடமிருந்து கேள்விப்படுவதைப் போல உறவை முறிப்பது வேறில்லை. அவர் வேலையில் கை வைக்காமல் இருப்பது: முதலாளி "ஜி.எஸ்.டி.யும் நீங்களே பாத்துடுங்களேன்" என்பார், அங்கே ஆசைப்பட்டால் ஐந்தில் ஒரு கதவு மூடிவிட்டது என்று பொருள். மற்றொன்று, ஆடிட்டர்களிடமிருந்தே கற்கவேண்டிய வழக்கம். ஒருவர் பார்த்துவந்த தணிக்கையை இன்னொருவர் ஏற்கும்முன் பழையவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 8ஆவது கூறு, பேச்சுவழக்கில் என்.ஓ.சி. என்கிறார்கள். நம் தொழிலில் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஆனாலும் பழைய கன்சல்டன்ட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பாக்கி எவ்வளவு, எந்த மாதம் விட்டுப்போனது, முதலாளி எப்படி என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தன்னால் பார்க்க முடியாத வேலையை அவர் உங்களுக்கே அனுப்பவும் கூடும்.

பழைய வாடிக்கையாளர்கள் பக்கம் வருவோம். இங்கே நடக்கும் முதல் தவறு, முதலாளியை வாடிக்கையாளர் என்று நினைப்பது. கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். உங்கள் வேலையின் ருசி தெரிந்தவர் கடையின் கணக்கர், அல்லது எச்.ஆர். பார்க்கும் பெண். அவர்கள் ஒரே இடத்தில் இருப்பவர்களும் அல்ல. பாண்டி பஜார் நகைக்கடையில் இருந்தவர் அடையாறு கிளினிக்குக்குப் போவார், அங்கிருந்து தரமணிப் பக்கம் ஒரு புது நிறுவனத்துக்குப் போவார். போகிற இடமெல்லாம் முதல் வாரத்தில் பழைய குழப்பத்தைப் பார்த்து மலைத்துப் போவார். அவருடைய போனில் உங்கள் எண் இருந்தால் முதலாளிக்கு முன் அவர் கூப்பிடுவார். ஒரு கணக்கர் வேலை மாறுகிறார் என்று தெரிந்தால் பெரும்பாலான கன்சல்டன்ட்டுகள் புதிதாக வருபவரின் எண்ணை வாங்கிக்கொண்டு பழையவரை அழித்துவிடுகிறார்கள். போகிறவரின் எண்ணல்லவா பத்திரப்படுத்தவேண்டியது!

எப்போது கேட்பது என்பதிலும் தகராறு. பில் அனுப்பும்போது கேட்கிறார்கள், அப்போது அவர் மனம் பணத்தில் இருக்கும். ஒரு சிக்கல் தீர்ந்த நாளில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.எஃப். பார்க்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நாட்களை வாரிவழங்குவது நம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். கணக்கில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும், வங்கியில் பின்னால் நிற்கும். பதினைந்து வருடம் வேலை பார்த்த விற்பனையாளரின் பணம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவரும். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவர் கடைக்கும் அலுவலகத்துக்கும் நடப்பார். முதலாளிக்கும் தர்மசங்கடம். நீங்கள் ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு, சான்றுகளை இணைத்து, பெயரைச் சரிசெய்து பணம் வங்கியில் விழுந்த அன்றைக்குக் கணக்கர் உங்களிடம் பேசும் குரலே வேறாக இருக்கும். அன்று கேளுங்கள்.

அன்றும் "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். யாராவது என்றால் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். "உங்க தெருவுல யாருக்காவது இதே பேர் பிரச்சினைல பணம் நிக்குதா?" என்றால் ஒருவர் நினைவுக்கு வருவார். "பத்து பேரைத் தாண்டிட்டு இன்னும் இ.எஸ்.ஐ. எடுக்காத கடை ஏதாவது தெரியுமா? இருபதைத் தொடப்போற கிளினிக்?" என்றால் அவருக்கு முகங்கள் தெரியும். பத்து, இருபது என்ற எண்கள் சட்டம் வைத்த வாசல்கள், அவற்றைத் தாண்டுகிறவருக்குத் தேவை அன்றே பிறக்கிறது. கேள்வி அந்த வாசலில் நிற்க வேண்டும்.

வேலை முடிந்து போனவர்களிடம், அதாவது மாதக் கட்டணம் இல்லாத பழையவர்களிடம், போன் செய்யக் காரணம் வேண்டும். "சும்மாதான் சார்" என்ற போனை யாரும் விரும்புவதில்லை. காரணத்தை அரசாங்கமே தருகிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. சம்பளம் என்பதன் வரையறை மாறியது, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சுவது சம்பளத்தோடு சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்திருந்த ஒவ்வொரு முதலாளிக்கும் இது கேள்வி. பழையவரின் சம்பளப் பட்டியல் உங்கள் கணினியிலேயே கிடக்கிறது. "உங்க ஷீட்ல மூணு பேருக்குத்தான் இது பாதிக்கும், மத்தவங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று அவருடைய எண்ணோடு பேசுகிற போனும், எல்லோருக்கும் தட்டிவிடும் வாட்ஸ்அப் செய்தியும் ஒன்றல்ல. வருடத்துக்கு இப்படி இரண்டு போன் போதும், மூன்றாவது தொந்தரவு.

அறிமுகம் பழுதாகிறது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. அனுப்பப்பட்டவர் எடுத்த எடுப்பில் விலை கேட்டால், அனுப்பியவர் உங்களைப் பற்றி "கம்மியா பண்ணுவார்" என்றுதான் சொல்லியிருக்கிறார். உடனே கேட்டுவிடலாம்: "சார் என்னைப் பத்தி என்ன சொன்னார்?" வருகிற பதில்தான் சந்தையில் உங்கள் விளம்பரம், நீங்கள் எழுதாத விளம்பரம். வாரம் ஒரு காலை கூடி, இத்தனை ரெஃபரல் சீட்டு கொடுத்தேன் என்று எழுந்து நின்று எண்ணிக்கை சொல்லும் குழுக்களைப் பற்றியும் இங்கே சொல்லலாம். அச்சகம், கேட்டரிங், உள் அலங்காரம் போன்றவற்றுக்கு அவை உதவுகின்றன, மறுக்க மாட்டேன். ஆனால் எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட சீட்டில், கொடுத்தவர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் எடுக்கும் அபாயத்தை ஏற்று ஆடிட்டர் சொன்ன ஒரு சொல்லுக்கு அதை ஈடாக வைக்க முடியாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று இருக்கிறது, பயிலரங்கத்துக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. மயிலாப்பூர் வட்டாரத்தின் இந்த அறிமுகங்கள் சாதி, குடும்பம், பள்ளிக்கூடம் என்ற கம்பிகளில் ஓடியவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேளச்சேரியில் வாடகை அறையில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சபாவும் தெரியாது, அந்தப் பள்ளியும் தெரியாது. அவள் இணையத்தை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? நியாயமான கேள்வி. பழைய வட்டங்கள் மூடியவை என்பதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு வழிகளிலும் பிறப்பு கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். செப்டம்பரில் அல்லாடும் ஆர்ட்டிகிள் பையனுக்குச் சலான் வந்ததா என்பதுதான் கவலை. கடைக் கணக்கர்களும் எச்.ஆர். பெண்களும் பெரும்பாலும் அவளைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள். தி.நகர்க் கடைகளில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் தென் மாவட்டத்துப் பிள்ளைகள். விளம்பரத்துக்கு வேண்டிய பதினைந்தாயிரம் அவளிடம் இல்லை, 16ஆம் தேதி ஒரு தாள் அனுப்ப அவளிடம் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு வாடிக்கையாளர் மட்டும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஏற்கெனவே வேலை நிரம்பி வழியும் ஒரு மூத்த கன்சல்டன்ட்டின் சின்னக் கோப்புகள் பெரும்பாலும் அந்த இடமாக இருக்கும்.

அடுத்த குறை ஆடிட்டர் பக்கத்தில் இருக்கிறது, அது உண்மையான குறை. ஒரே ஆடிட்டர் பாதி வேலையைத் தந்துகொண்டிருப்பார், சுகமாக இருக்கும். அவருக்கு அறுபத்தைந்து வயதாகும், மகன் பெரிய நிறுவனத்தோடு இணைந்துவிடுவான், அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு பி.எஃப். பிரிவு இருக்கும். ஒரே வருடத்தில் வரத்து நின்றுபோகும். இதை முன்கூட்டிப் பார்க்க, வாடிக்கையாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "யார் மூலம்" என்று ஒரு கட்டம் போதும். ஒரே பெயர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அடுத்த தணிக்கைக் காலத்துக்குள் இன்னொரு ஆடிட்டரோடு மாதத் தாள் தொடங்கிவிட வேண்டும். ஓய்வை நெருங்கும் ஆடிட்டரிடம் அவர் கோப்புகளை யார் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை, அவரும் அந்தக் கவலையில்தான் இருப்பார். வாங்குகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால், பெரியவர் மேசையைக் காலி செய்வதற்கு முந்தைய மாதமே, 16ஆம் தேதித் தாளின் ஒரு நகல் அந்தப் புதிய முகவரிக்கும் போகட்டும்.